திரை வெளிச்சத்தை வைத்து மாற்று முகத்தைப் பிடித்தோம்: ஒரு லைவ்னெஸ் சோதனையின் குறிப்பு

வங்கிக் கணக்கோ கடனோ வீடியோ வழியாக வாங்கியவர்களுக்கு இந்தச் சடங்கு பழக்கமானது. கண்ணைச் சிமிட்டச் சொல்வார்கள், தலையை இடப்பக்கம் திருப்பச் சொல்வார்கள், சில செயலிகளில் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் மாறி ஒளிரும். எதிரில் இருப்பது உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கும் லைவ்னெஸ் சோதனை இது. நேரலை வீடியோவில் ஒருவர் முகத்தின்மேல் இன்னொருவர் முகத்தைப் பொருத்தும் மென்பொருளை இதில் எது தடுக்கிறது, எது தடுப்பதில்லை என்று நானும் தம்பியும் வீட்டிலேயே ஒரு சோதனை கட்டிப் பார்த்தோம். நிஜ முகமும் மாற்று முகமும் வரைபடத்தில் ஒருவழியாகத் தனித்தனியே பிரிந்து நின்றுவிட்டன. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எனக்கு இது வேலையோடு சேர்ந்த விஷயம். கடன் விண்ணப்பங்களை வீடியோவில் சரிபார்க்கும் மென்பொருளில் வேலை செய்கிறேன். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வீடியோ கேஒய்சியை அனுமதித்தது. 2021 மே மாதத் திருத்தத்தில், மென்பொருளுக்குப் போலி முகத்தைக் கண்டுபிடிக்கும் திறன் இருக்க வேண்டும், பேட்டியில் கேட்கும் கேள்விகளின் வரிசையையோ வகையையோ மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னது. கேள்வியை மாற்றுவது முன்பே பதிவு செய்த வீடியோவைத் தடுக்கும். முகத்தை மாற்றிக்கொண்டு நேரலையில் பதில் சொல்பவரைத் தடுக்காது. என்னை இந்த வேலையில் இறக்கியது அந்த இடைவெளிதான்.

கருவிகள் அதிகமில்லை. 14 அங்குலத் திரையுள்ள மடிக்கணினி, 1280×720 அளவில் விநாடிக்கு 30 பிரேம் தரும் யூஎஸ்பி வெப்கேம், சுமார் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய லக்ஸ் மீட்டர், ஒரு அளவு நாடா. மென்பொருளுக்கு ஓப்பன்சிவியும், முகத்தில் 468 புள்ளிகளைக் குறித்துத் தரும் மீடியாபைப் ஃபேஸ் மெஷும் போதும். இரண்டும் இலவசம். முகமாற்றத்தை ஓட்ட மட்டும் கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி தேவைப்பட்டது. அதை நண்பரிடம் இரவல் வாங்கினோம். நாற்காலியில் தம்பி உட்கார்ந்தான், திரையில் தெரிந்தது என் முகம். வேறு யார் முகத்தையும் பயன்படுத்தவில்லை.

முதலில் சிமிட்டலும் தலைத் திருப்பலும். கண்ணிமைப் புள்ளிகளுக்கு இடையிலான உயரத்தைக் கண்ணின் அகலத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், சிமிட்டும்போது சட்டென்று இறங்கும். அச்சிட்ட புகைப்படத்தைக் காட்டினால் இறங்காது, அதனால் படம் மாட்டிக்கொள்ளும். மாற்று முகத்தில் கச்சிதமாக இறங்கியது. இறங்கத்தான் வேண்டும். அங்கே தம்பி நிஜமாகவே சிமிட்டுகிறான், மென்பொருள் அவனுடைய ஒவ்வொரு அசைவின்மேலும் என் அடையாளத்தைப் பூசுகிறது. எதிரில் உயிருள்ள ஆள் இருக்கிறாரா என்று கேட்டால் ஆம் என்பது சரியான பதில்தான். கேட்க வேண்டியது, கேமராவில் விழுந்த ஒளிதான் நமக்கு வந்து சேர்ந்ததா என்று.

தலையை முழுப் பக்கவாட்டுக்குத் திருப்பினால் கொஞ்சம் பலன் இருக்கிறது. மூக்கின் கோடும் தாடையும் சேரும் இடத்தில் மாற்று முகம் நடுங்கியது, ஓரிரு பிரேம்களில் தம்பியின் சொந்த முகம் எட்டிப் பார்த்தது. முகத்தின் குறுக்கே கையைக் கொண்டுபோனாலும் விரல் ஓரங்கள் கரைந்தன. ஆனால் மறைப்பைத் தனியாகக் கையாளும் வசதியை இயக்கியதும் விரல் பிரச்சினை பெருமளவு போய்விட்டது. தவிர, அம்மாவை உட்காரவைத்துப் பார்த்தபோது கழுத்து வலியால் அவரால் பாதிக்குமேல் திருப்ப முடியவில்லை. வயதானவர்களை வெளியே நிறுத்தி, மென்பொருள் மேம்பட்டதும் மோசடிக்காரரை உள்ளே விடும் சோதனையை நம்பிக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. திரை வெளிச்சத்துக்கு மாறினோம்.

அதன் அடிப்படை எளிமையானது. சர்வர் ஒரு நிற வரிசையைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து அனுப்பும். திரை அந்த நிறங்களைக் காட்டும், முகம் அவற்றைப் பிரதிபலிக்கும், கேமரா அதைப் பதிவு செய்யும், சர்வர் ஒப்பிட்டுப் பார்க்கும். நான்கு நிறங்களில் எட்டுப் படிகள், அடுத்தடுத்து ஒரே நிறம் வரக்கூடாது என்று வைத்தால் 8,748 வரிசைகள் கிடைக்கும். பழைய பதிவை ஓட்டி ஏமாற்ற அது இடம் தராது. அமேசானின் ஃபேஸ் லைவ்னெஸ் சேவையிலும், பிரிட்டனின் ஐப்ரூவ் நிறுவனத்தின் முறையிலும் இதே கருத்துதான் இருக்கிறது. வேகமாக மின்னும் வெளிச்சம் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. இணையதள அணுகல்தன்மை விதிகள் திரை விநாடிக்கு மூன்று தடவைக்குமேல் மின்னக்கூடாது என்கின்றன. நாங்கள் ஒரு நிறத்துக்கு முக்கால் விநாடி வைத்து, தொடங்கும் முன் எச்சரிக்கையும் காட்டினோம்.

நிரல் எழுதுமுன் முகத்தில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்று கணக்குப் போட்டது பெரிய உதவி. திரையின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 300 கேண்டெலா, பரப்பு சுமார் 0.054 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் தோராயமான லக்ஸ் கிடைக்கும். 50 செ.மீ. தூரத்தில் வெள்ளைத் திரை சுமார் 65 லக்ஸ் தரும். லக்ஸ் மீட்டரை மூக்கருகே பிடித்துப் பார்த்தபோது ஏறக்குறைய அதுவே வந்தது. முகத்தில் அறை வெளிச்சம் 60 லக்ஸ் என்றால் திரை அதை இரட்டிப்பாக்கும். நல்ல டியூப் லைட்டில் 200 லக்ஸ் என்றால் மூன்றில் ஒரு பங்கு கூட்டும். ஜன்னலோரம் 1,500 லக்ஸ் இருந்தால் கூடுவது 4 சதவீதம்தான், கேமராவின் இரைச்சலில் அது காணாமல் போகும். வெட்டவெளியில் இந்தச் சோதனையை நினைத்தே பார்க்க வேண்டாம்.

அப்புறம் கேமரா நம்மோடு சண்டை போட ஆரம்பித்தது. திரை சிவப்பானதும் முகம் சிவக்க வேண்டும். அரை விநாடி சிவந்தது, பிறகு மெல்லப் பழைய நிறத்துக்கே திரும்பியது. வெப்கேமின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் அதிகப்படியான சிவப்பைப் பிழை என்று எடுத்துக்கொண்டு குறைத்துவிடுகிறது. தானியங்கி எக்ஸ்போஷரும் அப்படித்தான், முகம் பிரகாசமானால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். மடிக்கணினியில் இவற்றை அணைத்துவிடலாம். ஆனால் வாடிக்கையாளரின் போனில், அதுவும் பிரவுசர் வழியாக, எல்லாக் கருவிகளிலும் அது கைக்கு வராது.

பின்னணிச் சுவர்தான் வழி காட்டியது. இரண்டு மீட்டர் பின்னால் இருக்கும் சுவருக்குத் திரையிலிருந்து போய்ச் சேரும் வெளிச்சம் மூன்று லக்ஸ்கூட இல்லை. ஆனால் கேமரா செய்யும் திருத்தம் முகத்துக்கும் சுவருக்கும் ஒன்றுதான். முகத்தின் மதிப்பைச் சுவரின் மதிப்பால் வகுத்தால் கேமராவின் கைவேலை பெரும்பாலும் அடிபட்டுப் போய், திரையின் விளைவு மட்டும் மிஞ்சும்.

```python
def response(face, wall, face0, wall0):
    now  = face.mean(axis=(0, 1)) / wall.mean(axis=(0, 1))
    base = face0.mean(axis=(0, 1)) / wall0.mean(axis=(0, 1))
    return np.log(now / base)
```

`face0`, `wall0` இரண்டும் திரை கறுப்பாக இருக்கும்போது எடுத்த படத்தின் பகுதிகள். அவரவர் முகத்தை அவரவர் கறுப்புத் திரைப் படத்தோடு ஒப்பிடுவதால் தோல் நிறமும் அடிபட்டுப் போகிறது. கறுத்த தோலில் பிரதிபலிக்கும் ஒளி குறைவு என்றாலும் கூடும் விகிதம் மாறுவதில்லை. ஆனால் மங்கிய அறையில் கறுத்த முகத்தில் இரைச்சல் அதிகம், இதை மறைத்துப் பேசக்கூடாது. அங்கே ஒரு பிரேமை நம்பாமல், ஒரு நிறத்துக்குப் பத்துப் பிரேமாவது சராசரி எடுக்க வேண்டும். நம் ஊர் முகங்களை வைத்துச் சோதிக்காமல் வரம்பு எண்ணை முடிவு செய்தால் நிஜமான ஆட்கள்தான் வெளியே தள்ளப்படுவார்கள்.

200 லக்ஸ் அறையில் சிவப்புப் படியில், சிவப்புச் சேனலுக்கு இந்த நிரல் தரும் மடக்கை மதிப்பு 0.12 அளவுக்கு ஏறியது. மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் கூடினால், பிக்சல் மதிப்பில் காமா வளைவு அதைச் சுருக்கி 13 சதவீதமாக்கும், அதன் மடக்கை 0.12, ஆக எதிர்பார்த்ததுதான். திரை மாறியதற்கும் முகம் மாறியதற்கும் இடையே சிறு தாமதம் இருந்தது. வரிசையை முன்னும் பின்னும் நகர்த்தி எங்கே நன்றாகப் பொருந்துகிறது என்று பார்த்து அதைச் சரிசெய்தோம். மாற்று முகத்தில் தாமதம் கூடுதல்தான். ஆனால் மெதுவான இணையத்தில் நிஜ முகத்துக்கும் அவ்வளவு தாமதம் வரும் என்பதால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இந்தக் கட்டத்தில் மாற்று முகத்தை ஓட்டினோம். அது சோதனையில் தேறிவிட்டது. இந்த முயற்சியில் நான் அதிகம் கற்றுக்கொண்டது இங்கேதான். முகமாற்ற மென்பொருள் கணினியில் செய்த முகமூடியை ஒட்டுகிறது, ஒட்டிய முகமூடி வெளிச்சத்துக்கு அசையாது என்று நினைத்துக்கொள்வது எளிது. நடப்பது வேறு. அந்த மாதிரிகள், எதிரில் இருப்பவரின் பாவனையையும் திசையையும் வெளிச்சத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு அடையாளத்தை மட்டும் மாற்றப் பயிற்சி பெற்றவை. தம்பியின் கன்னம் சிவந்தால் பூசிய கன்னமும் சிவக்கும். முகம் முழுவதற்கும் ஒரே சராசரி எடுத்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆகவே சராசரியை விட்டுவிட்டு முகத்தைத் துண்டுகளாகப் பார்த்தோம். முகமாற்றம் பூசும் பரப்புக்கு ஓர் எல்லை உண்டு. பெரும்பாலும் புருவத்துக்குச் சற்று மேலிருந்து தாடை வரை. காது, கழுத்து, முடியோரம் எல்லாம் உட்கார்ந்திருக்கும் ஆளின் சொந்தப் பரப்பு. அதனால் கன்னத்தின் ஏற்றத்தைக் கழுத்தின் ஏற்றத்தால் வகுத்து, அதை ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகக் குறித்தோம்.

நிஜ முகத்தில் கழுத்துக்கு வெளிச்சம் குறைவு. திரையிலிருந்து தள்ளி இருக்கிறது, தாடையின் நிழலும் விழுகிறது. ஆனால் அந்தக் குறைவு எல்லா நிறத்துக்கும் ஒன்றுதான், ஏனென்றால் சிவப்போ நீலமோ வெளிச்சம் வருவது அதே திரையிலிருந்து. என் முகத்தில் கன்னம் கழுத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஏறியது, நான்கு நிறத்திலும் அதே அளவுதான். தம்பியின்மேல் பூசிய என் முகத்தில் வெள்ளைக்கும் சிவப்புக்கும் அந்த அளவை ஒட்டி வந்தது. பச்சைக்கும் நீலத்துக்கும் ஒன்றுக்குக் கீழே இறங்கியது, அதாவது கழுத்து நன்றாகப் பச்சையாகியும் கன்னம் தயங்கியது. மஞ்சள் விளக்கு, மாலை வெயில் போன்ற வெளிச்சத்தில் எடுத்த முகங்கள் பயிற்சிப் படங்களில் ஏராளம். அடர் பச்சை வெளிச்சத்தில் எடுத்த முகங்கள் குறைவு. காரணம் அதுதான் என்பது என் ஊகம். வரைபடம் பிரிந்தது இந்த அளவையில்தான்.

அடுத்து திரையை முழுதாக ஒளிரவிடாமல் பாதியாகப் பிரித்தோம். இடப்பாதி மட்டும் ஒளிர்ந்தால் மூக்கின் அந்தப் பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஏற வேண்டும். 40 செ.மீ. தூரத்தில் இரண்டு பாதிகளின் மையங்களும் நடுக்கோட்டிலிருந்து சுமார் 11 பாகை தள்ளியிருக்கும். சிறிய கோணம்தான், ஆனாலும் மூக்கின் இரு பக்கமும் தெளிவாக வேறுபட்டன. மாற்று முகத்தில் அந்த வேறுபாடு மழுங்கிப் போயிருந்தது. போனில் திரையின் அகலம் ஏழு செ.மீ.தான் என்பதால் இடம் வலம் பிரித்துப் பயனில்லை. மேல்பாதி, கீழ்ப்பாதி என்று பிரித்து மூக்கின் அடிப்பகுதியையும் புருவ மேட்டையும் பார்க்க வேண்டும்.

கருவிழியில் தெரியும் திரையின் பிரதிபலிப்பையும் முயன்றோம், கைவிட்டோம். கண்ணின் முன்பரப்பு ஒரு குவி ஆடி. 60 செ.மீ. தூரத்தில் உள்ள 31 செ.மீ. அகலத் திரை அதில் சுமார் 2 மி.மீ. அளவில்தான் தெரியும். எங்கள் கேமராவில் அது மூன்று, நான்கு பிக்சல். பலரும் பயன்படுத்தும் ஒரு முகமாற்ற மாதிரி 128×128 பிக்சலில்தான் முகத்தை உருவாக்குகிறது, அதனால் அந்தச் சிறு ஒளிப்புள்ளியை அதால் ஒழுங்காக வரைய முடியாது என்பது உண்மை. ஆனால் வீடியோ அழைப்பின் சுருக்கமும் அதை அழித்துவிடுகிறது. நிறத் தகவல் கிடைமட்டத்திலும் செங்குத்திலும் பாதியாகக் குறைக்கப்பட்டுத்தான் அனுப்பப்படுகிறது, மூன்று பிக்சல் புள்ளியில் அதற்குமேல் என்ன மிஞ்சும்? கண்ணாடி அணிந்தவர்களிடம் லென்ஸின் பிரதிபலிப்பு குறுக்கே வந்து இன்னும் குழப்பியது.

வெளிச்சச் சோதனைக்கு வெளியே இன்னொரு வாசல் இருக்கிறது, அதையும் பூட்டியாக வேண்டும். மாற்று முகத்தைத் திரையில் காட்டி அதைக் கேமராவுக்கு முன்னால் பிடிப்பது ஒரு வகை. கேமராவையே தாண்டி, விர்ச்சுவல் கேமரா வழியாக வீடியோவை உள்ளே செலுத்துவது இன்னொரு வகை. ஐஎஸ்ஓ/ஐஇசி 30107-3 தரநிலையின் சோதனை முதல் வகைக்கானது. ஒரு சேவை அதில் தேறியிருக்கிறது என்பதால் இரண்டாவதையும் தடுக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரவுசரில் `enumerateDevices()` தரும் பட்டியலில் `OBS Virtual Camera` என்று பெயர் வந்தால் சந்தேகப்படலாம். ஆனால் பெயரை மாற்றிவிடுவது கடினமல்ல, அதை ஒரு குறிப்பாக மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். போன் செயலியில் கருவி பழுதில்லாமல் இருக்கிறதா என்று இயங்குதளத்திடமே சான்று கேட்கலாம், அது இன்னும் வலுவானது. எதுவானாலும் தீர்ப்பு சர்வரில்தான் நடக்க வேண்டும். நிற வரிசையை ஒருமுறைக்குமேல் ஏற்கக் கூடாது, சில விநாடிகளில் அது காலாவதியாக வேண்டும்.

நிஜமான ஆட்களைத் தடுக்கும் காரணங்களையும் பட்டியலிட்டுப் பார்த்தோம். போனில் இரவு வெளிச்ச வசதி இயங்கினால் நீலம் கிட்டத்தட்ட செத்துவிடுகிறது. பேட்டரி சேமிப்பில் திரை மங்கிவிடும். பின்னணியை மங்கலாக்கும் வசதி இருந்தால் சுவரை அளவுகோலாக நம்ப முடியாது. துப்பட்டாவோ தாடியோ கழுத்தை மறைத்தால் காதையும் முடியோரத்தையும் எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் தேறினார், தேறவில்லை என்று இரண்டு பதில் போதாது என்று முடிவு செய்தோம். கறுப்புத் திரைக்கும் வெள்ளைத் திரைக்கும் உள்ள வித்தியாசம் 0.05-க்குக் கீழே இருந்தால் சோதனையே நடக்கவில்லை என்று வைத்து, "ஜன்னலிலிருந்து தள்ளி உட்காருங்கள், திரையின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள்" என்று சொல்லி எங்கள் நிரல் மறுபடி கேட்கிறது. அப்போதும் வராவிட்டால் மனித அதிகாரியிடம் போகும். நம் நாட்டு வீடியோ கேஒய்சியில் அதிகாரி எப்படியும் இருக்கிறார், நிறத்துக்கு நிறம் பிரித்த கன்னம்-கழுத்து வரைபடத்தை அவர் திரையில் காட்டினால் எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

இந்த அளவை நிரந்தரமல்ல. பச்சை வெளிச்சத்தில் எடுத்த முகங்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தால் கன்னத்தின் தயக்கம் குறையும். கழுத்தையும் சேர்த்து வரையும் மென்பொருள் வந்தால் எல்லையே நகர்ந்துவிடும். பாதித் திரை ஒளிரும் படிகளை ஏய்ப்பது அவ்வளவு எளிதல்ல, ஏனென்றால் முகத்தின் மேடு பள்ளங்களைச் சரியாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு பிரேமுக்கும் 33 மில்லிவிநாடிக்குள் வெளிச்சத்தை மறுபடி வரைய வேண்டும்.

அடுத்த முறை தொடக்கத்திலிருந்தே வீடியோ ஓட்டத்தை நம்பாமல், ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு மூன்று பிரேம்களைச் சுருக்காத படமாகக் கருவியிலேயே எடுத்துத் தனியாக அனுப்புவேன். கழுத்து போன்ற சிறு பகுதிகளில் சுருக்கம் செய்த சேதம் நான் நினைத்ததைவிட அதிகம். முழுத்திரைப் படிகளை நான்காகக் குறைத்து, மிச்ச நான்கையும் பாதித் திரைக்குக் கொடுப்பேன். பச்சையும் நீலமும் ஒவ்வொரு வரிசையிலும் கட்டாயம் வரும்படி வைப்பேன், அதற்காக வரிசைகளின் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை. இப்போதைய வரம்பு எண்கள் எங்கள் வீட்டு முகங்களையும் ஒரே ஒரு முகமாற்ற மென்பொருளையும் வைத்துப் போட்டவை. வேறு மென்பொருள்களையும், பலவகைத் தோல் நிறமும் வயதும் உள்ள ஆட்களின் பதிவுகளையும் அவர்கள் சம்மதத்தோடு சேர்த்த பிறகுதான் அலுவலகத்தில் இதை எடுத்துப் பேசப் போகிறேன்.